ஸ்கேன் எடுத்த தேதியா, வலி வந்த தேதியா, அட்மிஷன் தேதியா? கிளெய்ம் ஃபார்ம்ல எத போடுறது

எங்க வீட்ல யாருக்கு ஆஸ்பத்திரி செலவு வந்தாலும் இன்சூரன்ஸ் ஃபார்ம் நிரப்புற வேலை எனக்குத்தான் வரும், போன ஜனவரில அண்ணிக்கு பித்தப்பைல கல்லுன்னு ஆபரேஷன் ஆச்சு, அந்த ஆஸ்பத்திரில கேஷ்லெஸ் இல்ல, அதனால காச கட்டிட்டு ஆன்லைன்ல ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டோம். பணத்தொகை போடுற கட்டம்லாம் ஈசி, பில்லப் பாத்து அடிச்சிரலாம். மண்டைய பிச்சிக்க வச்சது தேதியும் நோய் பேரும்தான்.

முதல்ல தேதி. ஃபார்ம்ல `Date Disease First Detected`னு ஒரு கட்டம் இருக்கு, நோய் முதல்ல எப்ப தெரிய வந்துச்சுன்னு கேக்குறான். அண்ணிக்கு சாப்பிட்டதும் வலதுபக்கம் வலி போன அக்டோபர்ல ஆரம்பிச்சுது, கேஸ் டிரபிள்னு மாத்திரை போட்டு ஓட்டிட்டாங்க. டிசம்பர் 4ம் தேதி ஒரு டாக்டர்ட்ட காட்டினோம், 2026 ஜனவரி 2ம் தேதி ஸ்கேன்ல கல்லு தெரிஞ்சுது, ஜனவரி 10ம் தேதி அட்மிஷன். ஆக வலி வந்தது, ஸ்கேன் எடுத்தது, அட்மிஷன் ஆனதுன்னு கட்டத்துல போட மூணு தேதி கைல இருக்கு.

அண்ணன் சொன்னது அட்மிஷன் தேதியே போட்ரு, எதுக்கு வம்புன்னு. பாக்க சேஃபா தெரியும், ஆனா நாமளே ஜனவரி 2 ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பில்லையும் சேத்து அனுப்புறோம், 10ம் தேதிதான் நோயே தெரியும்னு எழுதினா 2ம் தேதி ஸ்கேன்ல தெரிஞ்ச கல்லு யாரோடதுன்னு கேள்வி வரும். அண்ணி சொன்னது அக்டோபர்தான் உண்மை, அதயே போடுன்னு. நேர்மையாதான் சொன்னாங்க, ஆனா வலி வேற, நோய கண்டுபிடிச்சது வேற, அக்டோபர்ல யாரும் கல்லுன்னு சொல்லல. அதனால நான் போட்டது ஜனவரி 2, கையில ரிப்போர்ட் இருக்கிற தேதி. வலி எப்ப ஆரம்பிச்சுதுங்கறது டிஸ்சார்ஜ் சம்மரில டாக்டர் எழுதுற ஹிஸ்டரிலயே வந்துரும், அத மறைக்கிறதா ஆகாது.

ஒரு விஷயம், பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே ஏதாவது மாஸ்டர் செக்கப்ல கல்லுன்னு வந்திருந்தா அந்தப் பழைய தேதிதான் போடணும். அத முழுங்கிட்டு புது ஸ்கேன் தேதிய போட்டா, பழைய ரிப்போர்ட் வெளிய வர்றப்ப கிளெய்ம் மட்டும் இல்ல பாலிசியே போக வாய்ப்பு இருக்கு.

இப்ப அட்மிஷன் தேதி, இதுல என்ன குழப்பம்னு கேப்பீங்க. ஜனவரி 9 ராத்திரி 11.20க்கு கேஷுவாலிட்டிக்கு கூட்டிட்டு போனோம், ஊசி போட்டு பாத்துட்டு ஐபி நம்பர் போடும்போது மணி 12.15, அதாவது 10ம் தேதி ஆயிருச்சு. நம்ம மனசுல 9, டிஸ்சார்ஜ் சம்மரிலயும் ஃபைனல் பில்லுலயும் 10. ஃபார்ம்ல 10தான் போடணும், ஏன்னா ஆஸ்பத்திரி நிரப்பித் தர்ற பார்ட் பிலயும் அதான் இருக்கும், நம்ம பார்ட் ஏவுல 9ன்னு இருந்தா ரெண்டும் இடிக்கும். கேஷுவாலிட்டி பில்லு 9ம் தேதில இருக்கே அது வீணான்னா, இல்ல, அத ப்ரீ-ஹாஸ்பிட்டலைசேஷன் செலவுல சேத்துட்டேன்.

அந்த ப்ரீ கணக்கும் இந்த தேதிலருந்துதான் ஓடுது. ஆரோக்ய சஞ்சீவனி மாதிரி பாலிசில அட்மிஷனுக்கு முன்னாடி 30 நாள், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 நாள். அண்ணி பாலிசியும் அதே கணக்கு. ஜனவரி 10லருந்து பின்னாடி 30 நாள் எண்ணினா டிசம்பர் 11 வரைக்கும்தான் போகும், டிசம்பர் 4 கன்சல்டிங் பில்லு வெளிய. 60 நாள் தர்ற பாலிசியா இருந்தா அதுவும் உள்ள வந்திருக்கும். அந்த பில்ல சேத்து தொகைய ஏத்திப் பாக்கலாமேன்னு அண்ணனுக்கு ஆசை, எப்படியும் வெட்டிருவாங்கன்னு சொல்லி விட்டுட்டேன்.

நோய் பேரு கட்டத்துக்கு வருவோம். இங்கயும் மூணு பேரு போட்டி போடுது. `Stomach pain`, `Laparoscopic Cholecystectomy`, `Symptomatic Cholelithiasis`. முதலாவது தொந்தரவோட பேரு, வயித்து வலின்னா அல்சரா குடல்வாலா கல்லா எதுவா வேணா இருக்கலாம், பாலிசி எடுத்ததுக்கு அப்புறம் சில நோய்க்கு இவ்வளவு மாசம் கிளெய்ம் கிடைக்காதுன்னு ஒரு வெயிட்டிங் பீரியட் இருக்கு, கிளெய்ம் பாக்குறவங்க எந்த நோய்னு வச்சு அத பாப்பாங்க? ரெண்டாவது பித்தப்பைய எடுத்த ஆபரேஷனோட பேரு, அது ட்ரீட்மென்ட் கட்டத்துக்கு போகணும். நிறைய பேரு இத ரெண்டு கட்டத்துலயும் போட்டுர்றாங்க. மூணாவதுதான் டயக்னோசிஸ். டிஸ்சார்ஜ் சம்மரில `Final Diagnosis`னு ஒரு வரி இருக்கும், அத எழுத்து மாறாம அப்படியே அடிங்க, நாமளா தமிழாக்கமோ சுருக்கமோ பண்ண வேணாம். நோய்க்கான ஐசிடி கோடு பார்ட் பில ஆஸ்பத்திரி போடும், பித்தப்பை கல்லுக்கு `K80`ல ஆரம்பிக்கும், வேற எழுத்துல ஆரம்பிச்சா அனுப்புறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க.

ஆஸ்பத்திரி பேருக்கு ரொம்ப யோசிக்க வேணாம், போர்டுல இருக்கிற பேரு வேற, பில்லு தலைப்புல இருக்கிற பேரு வேறயா இருந்தா பில்லு பேருதான். கிளை இருந்தா எந்த ஊரு கிளைன்னு சேத்துப் போடணும், ஊருல எல்லாரும் டாக்டர் பேர வச்சு கூப்பிடுற பேரு செல்லாது.

எல்லாம் சரியா போட்டும் இன்சூரன்ஸ் கம்பெனிலருந்து விளக்கம் கேட்டு எங்களுக்கு ஒரு கொய்ரி வந்துச்சு. டிஸ்சார்ஜ் சம்மரி ஹிஸ்டரில `abdominal pain x 3 years`னு டைப் ஆயிருக்கு! அண்ணி சொன்னது மூணு மாசம், கேஸ் ஷீட்டுல டாக்டரு கையால `3/12`னு எழுதியிருக்காரு, டாக்டருங்க பாஷைல அது மூணு மாசம், டைப் பண்ணவங்க வருஷம்னு அடிச்சிட்டாங்க. பாலிசி எடுத்தது 2023 ஜூன். மூணு வருஷம் பின்னாடி போனா 2023 ஜனவரி, அதாவது பாலிசிக்கு முன்னாடியே நோய் இருந்துச்சோன்னு சந்தேகம். கல்லுக்கான 24 மாச வெயிட்டிங் போன ஜூன்லயே முடிஞ்சிருச்சு, ஆனா ஏற்கனவே இருந்த நோய்னு முடிவு பண்ணா 36 மாசம், அது 2026 ஜூன்லதான் முடியும். ஒரே ஒரு வார்த்தைல மொத்த காசும் நின்னுருச்சு.

இதுக்கும் ரெண்டு வழி. நாமளே லெட்டர் எழுதி விளக்கம் குடுக்கலாம், அது நம்ம வாய்வார்த்தை, எடை கம்மி. நாங்க பண்ணது, ஆபரேஷன் பண்ண டாக்டர்ட்ட போய் கேஸ் ஷீட்ட காட்டி, வலி மூணு மாசமாதான், வருஷம்னு வந்தது டைப்பிங் தப்புன்னு லெட்டர்பேட்ல கையெழுத்து, சீல், ரிஜிஸ்டர் நம்பரோட வாங்கி, கூடவே அந்த கேஸ் ஷீட்டு பக்கத்தோட காப்பியும் திருத்தின சம்மரியும் சேத்து அப்லோட் பண்ணோம். பழைய சம்மரில நீங்களா பேனால அடிச்சு திருத்தி மட்டும் அனுப்பிராதீங்க, ஃபோர்ஜரின்னு வந்து நிக்கும்.

கொய்ரி முடிஞ்சு பணம் வந்துச்சு, கிளவுஸ் மாதிரி அயிட்டத்துக்கு கொஞ்சம் வெட்டிட்டாங்க. இப்பல்லாம் டிஸ்சார்ஜ் ஆகுறப்ப பில்லு கட்டுற கவுண்டர்ல நிக்கும்போதே சம்மரில ஹிஸ்டரி வரிய படிச்சிட்டுதான் கெளம்புறேன், பின்னாடி நிக்கிறவரு கொஞ்சம் முறைப்பாரு, பரவால்ல.