சைக்கிள் மீட்டரைச் சரிபார்க்க: ஸ்டாப்வாட்சா, கல் கணக்கா?

சைக்கிளில் மாட்டிய ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, சாலையோரக் கிலோமீட்டர் கற்களை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒரு கல்லில் ஸ்டாப்வாட்சை அமுக்கி, அடுத்த கல்லில் நிறுத்தி, ஆன நேரத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடுவது ஒன்று. கடிகாரத்தைத் தொடாமல், பத்துக் கல் ஓட்டி மீட்டரின் தூரத்தை மட்டும் ஒப்பிடுவது மற்றொன்று. இரண்டையும் கல்லணை–பூம்புகார் சாலையில், பச்சைத் தலைக் கற்களை வைத்துச் செய்து பார்த்தேன். இப்போது நான் கல் கணக்குக் கட்சி.

ஸ்டாப்வாட்ச் கணக்கு எளிது. 3600-ஐ விநாடியால் வகுத்தால் வேகம். 180 விநாடி என்றால் மணிக்கு 20 கிலோமீட்டர். பொத்தானை அரை விநாடி தாமதமாக அமுக்கினாலும் பெரிய பிழை வராது. தொல்லை காலில்தான் இருக்கிறது. மூன்று நிமிடமும் மீட்டரில் 20 நிற்கும்படி மிதிக்க வேண்டும். நம் பக்கம் மேடு பள்ளம் கிடையாது, ஆனால் ஆடிக் காற்று உண்டு. வயல்வெளியில் எதிர்க்காற்று, தோப்பு வந்ததும் காற்றே இல்லை, எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்ட வேண்டும். எண் 18-க்கும் 22-க்கும் இடையே ஆடும். மீட்டர் நூற்றுக்கு மூன்று குறைவாகக் காட்டினால், 20-இல் அது வெறும் 0.6. இந்த ஆட்டத்தில் அது எங்கே தெரியப்போகிறது?

சரி, மீட்டரே காட்டும் சராசரி வேகத்தை ஒப்பிடலாமே என்று தோன்றும். அந்தச் சராசரி, மீட்டர் அளந்த தூரத்தை அதன் கடிகாரம் காட்டிய நேரத்தால் வகுத்தது. உள்ளே இருப்பது குவார்ட்ஸ் கடிகாரம், அதில் சொல்லும்படி பிழை இருக்காது. டிஜிட்டல் மீட்டர் செய்வதெல்லாம், சக்கரக் கம்பியில் இருக்கும் காந்தம் சென்சாரைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று என்று எண்ணி, நாம் கொடுத்த சுற்றளவால் பெருக்குவதுதான். தூரமும் வேகமும் அந்த ஒரே எண்ணிலிருந்து வருவதால், சுற்றளவு தப்பானால் இரண்டும் ஒரே விகிதத்தில் தப்பும். தூரத்தைத் திருத்தினால் வேகமும் தானாகத் திருந்திவிடும்.

என் சைக்கிளில் 700x35 டயர். மீட்டரில் இருந்த சுற்றளவு 2105 மில்லிமீட்டர், அது மெல்லிய 25 டயருக்கு உரியது. முன்சக்கர அச்சு முதல் கல்லுக்கு நேராக வந்ததும் டிரிப்பைப் பூஜ்யமாக்கினேன். பத்தாவது கிலோமீட்டர் முடிந்தபோது 9.71 காட்டியது. 2105-ஐப் பத்தால் பெருக்கி 9.71-ஆல் வகுத்தால் 2168 வரும். அதுதான் புது எண். நடுவில் டீ குடிக்க இறங்கினாலும் கணக்குக் கெடாது, ஆனால் கடைக்காக எதிர்ப்பக்கம் போய்த் திரும்பக் கூடாது.

ஏன் பத்து கிலோமீட்டர்? மீட்டர் 0.01, அதாவது பத்து மீட்டருக்கு ஒரு தடவைதான் எண் மாறும். ஒரே கிலோமீட்டரில் அதுவே நூற்றுக்கு ஒன்று, பத்தில் அது பத்தில் ஒரு பங்காகிவிடும். இடையே 2, 4, 6, 8 என்று நிற்கும் சின்னக் கற்கள் இதற்கு உதவாது.

இதைவிட முக்கியம், ஒவ்வொரு கல்லிலும் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்வது. கல்லும் பொய் சொல்லும். சாலையை அகலப்படுத்தும்போது பிடுங்கி நட்டிருப்பார்கள், வாய்க்கால் மதகு குறுக்கே வந்தால் சற்றுத் தள்ளி வைத்திருப்பார்கள். எல்லாக் கல்லுக்கும் 0.97 வர வேண்டிய இடத்தில் ஒன்றில் 0.92-உம் அடுத்ததில் 1.02-உம் வந்தால், நடுவில் உள்ள கல் மட்டும் நகர்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் ஈடாகிவிடுவதால் மொத்தம் கெடாது. ஒரு கிலோமீட்டர் மட்டும் குறைந்து அடுத்தது வழக்கம்போல வந்தால், வளைவை நேராக்கியதில் அந்த இடமே சுருங்கியிருக்கலாம். அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடலாம். குறைவு கல்லுக்குக் கல் ஒழுங்கில்லாமல் மாறி, ஓடும்போது வேகமும் அவ்வப்போது பூஜ்யத்துக்கு விழுந்தால் கல்லின் மேல் பழி போட வேண்டாம்: காந்தம் சென்சாரிலிருந்து விலகியிருக்கிறது. ஃபோர்க்கில் சென்சாரை நகர்த்தி இடைவெளியைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும்.

கல்லே வேண்டாம் என்பவர்கள் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி, டியூப் வால்வு தரையை நோக்கும்போது சாக்கட்டியால் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி டேப்பால் அளக்கலாம். பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டாப்வாட்ச் ஜெயிக்கும் ஒரே இடம் கேபிளால் ஓடும் பழைய முள் மீட்டர். எனக்கு அதில் பழக்கம் குறைவு, சித்தப்பாவின் சைக்கிளில் பார்த்ததோடு சரி. அதில் தூரம் பல்சக்கரங்களால் ஓடுகிறது. முள்ளோ சுழலும் காந்தம் இழுக்க, ஒரு மெல்லிய சுருள்வில் தடுத்து நிறுத்துவதால் நிற்கிறது. வில் தளர்ந்தால் தூரம் சரியாக இருக்கும்போதே முள் அதிகம் காட்டும், கல் கணக்கில் அது அகப்படாது. அதற்கு மட்டும் காற்று இல்லாத விடிகாலையில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு போகலாம்.