இப்போது வேண்டாம், அப்புறம் பேசலாம்: ரிக்ரூட்டருக்கு எந்தப் பதில்?

மார்ச் மாதம் ஒரு மதியம், ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் என் நண்பருக்கு லிங்க்ட்இன்னில் இன்மெயில் வந்தது. பேக்எண்ட் டெவலப்பர் வேலை, கேள்விப்பட்ட நல்ல கம்பெனி, "இந்த வாரம் பேசலாமா?" என்று கேட்டிருந்தார் ரிக்ரூட்டர். அக்டோபர் சம்பளத்தோடு நண்பருக்கு ரிட்டென்ஷன் போனஸ் வரவேண்டியிருந்தது. அதற்குமுன் ராஜினாமா செய்தால் கிடைக்காது. ஆகவே இப்போது நகர முடியாது, அந்தக் கம்பெனியை விடவும் மனமில்லை.

பதில் சொல்லாமலே விடுவதுதான் சுலபம். ஒரு நாளைக்குப் பல பேருக்கு அனுப்புகிறவர் என்பதால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். ஆனால் இன்மெயில் அனுப்ப அவருக்கு ஒரு கிரெடிட் செலவாகிறது. 90 நாளுக்குள் பதில் வந்தால், அது மறுப்பாகவே இருந்தாலும், அந்தக் கிரெடிட் திரும்பக் கிடைத்துவிடும். "முடியாது என்று எப்படிச் சொல்வது" என்று தயங்கவே வேண்டாம், மௌனத்தைவிட மறுப்பு அவருக்கு லாபம். மறுப்புப் பொத்தானைத் தட்டினாலும் கிரெடிட் திரும்பும்தான். ஆனால் உங்களை எப்போது மறுபடி கூப்பிடலாம் என்பது அதில் இல்லை.

பெரும்பாலோர் அனுப்புவது மூன்றாவது வகை: "நன்றி, இப்போது வேலை தேடவில்லை, தொடர்பில் இருப்போம்." மரியாதையான பதில், ஆனால் அவர் குறித்துவைத்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. மாதமும் இல்லை, எந்த மாதிரி வேலை என்பதும் இல்லை.

"இருக்கட்டும், ரெஸ்யூமையாவது அனுப்பிவைப்போம்" என்பது நான்காவது வழி. இதைத்தான் நான் வேண்டாம் என்பேன், குறிப்பாக எதிரில் இருப்பது கன்சல்டன்சி என்றால். ஆளைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்கு ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு கிடைக்கும், 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது வழக்கமான கணக்குகளில் ஒன்று. உங்கள் ரெஸ்யூமை அவர்கள் ஒரு கம்பெனியின் சிஸ்டத்தில் ஏற்றிவிட்டால், பல கம்பெனிகள் ஆறு மாதமோ ஒரு வருடமோ உங்களை அவர்கள் கொண்டுவந்த ஆளாகவே கணக்கில் வைக்கும். அப்புறம் அங்கேயே வேலை செய்யும் நண்பர் ரெஃபர் செய்தால் "ஏற்கனவே இருக்கிறார்" என்று திரும்பிவிடும். அனுப்பியே ஆகவேண்டும் என்றால், "என்னைக் கேட்காமல் எந்தக் கம்பெனிக்கும் கொடுக்க வேண்டாம்" என்று எழுத்தில் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

எனக்குப் பிடித்தது ஐந்தாவது: மாதம் சொல்லும் பதில். ஆனால் எந்த மாதம்? நண்பர் முதலில் "அக்டோபருக்கு அப்புறம்" என்றுதான் எழுதினார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். போனஸ் அக்டோபர் கடைசியில் வரும். நவம்பர் முதல் வாரம் ராஜினாமா, 90 நாள் நோட்டீஸ், ஆக பிப்ரவரியில்தான் சேர முடியும். இன்டர்வியூ, சம்பளப் பேச்சு, ஆஃபர் லெட்டர் எல்லாம் முடிய ஒன்றரை மாதம் வைத்தால், பேச்சு செப்டம்பர் நடுவில் தொடங்க வேண்டும். "அக்டோபருக்கு அப்புறம்" என்றால் ரிக்ரூட்டர் நவம்பரில் வருவார், சேர்வது மார்ச், ஏப்ரல் என்று தள்ளிப்போகும். கடைசியில் அனுப்பியது (ஆங்கிலத்தில்தான், விஷயம் இது):

"நன்றி. இப்போது மாறும் எண்ணம் இல்லை. செப்டம்பர் நடுவிலிருந்து பேசத் தயார், பிப்ரவரியில் சேர முடியும். பேக்எண்ட், பேமென்ட்ஸ் வேலை, சென்னை அல்லது ஹைபிரிட் என்றால் சொல்லுங்கள்."

போனஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சம்பளத்தைப் பற்றியும் இல்லை. போனஸைச் சொன்னால் "அதை நாங்கள் ஜாயினிங் போனஸாகத் தருகிறோம்" என்று பேச்சு மார்ச்சிலேயே தொடங்கிவிடும். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்டு என்ற நிபந்தனை அதில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வரும். சம்பளமோ, ஆறு மாதத்துக்குப் பிறகு பழசாகிவிடும் எண். இப்போதே சொல்லிவைத்தால் அதிலிருந்துதான் பேரம் ஆரம்பிக்கும்.

பதில் அனுப்பிய கையோடு அவருக்குக் கனெக்‌ஷன் ரிக்வெஸ்டும் போட்டார் நண்பர். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரிக்ரூட்டர்கள் லிங்க்ட்இன்னில் பயன்படுத்தும் தனி லைசென்ஸ் அவர்கள் வேலை செய்யும் கம்பெனியுடையது. அவர் வேலை மாறினால் அந்த இன்பாக்ஸ் அவரோடு போகாது. கனெக்‌ஷன் அவருடைய சொந்தக் கணக்கில் இருக்கும்.

ஜூலையில் அந்த ரிக்ரூட்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். செப்டம்பர் 15 வாக்கில் நண்பர் இரண்டு கேள்வி அனுப்பினார்: பழைய இடத்தில் இப்போது யாரிடம் பேசுவது, உங்கள் புது இடத்தில் பேமென்ட்ஸ் டீம் இருக்கிறதா. அன்று மாலையே இரண்டுக்கும் பதில் வந்தது.