நிஜப் பணம் இறங்கும் முன்: எழுதிய பட்டியலா, சோதனை ஸ்கிரிப்டா, சின்ன அளவா?

நிஜப் பணம் இல்லாத பேப்பர் கணக்கில் இரண்டு மாதம் ஒழுங்காக ஓடிய, தானாகப் பங்கு வாங்கி விற்கும் ஒரு நிரலை லைவ் கணக்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒரே உத்தி, ஒரே பங்கு, ஒரு நாளைக்கு நாலைந்து ஆர்டர். மாலைக்குள் வாங்கியதையெல்லாம் விற்று எல்லாப் பொசிஷனையும் மூடிவிடும். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நிஜப் பணம் என்றதும் கை கொஞ்சம் தயங்கியது.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. லைவ் போகும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வரியையும் கையால் நிரப்புவது ஒன்று. அதையே நிரலாக எழுதி, தொடங்கும்போது தானாகவே சோதிக்கவிடுவது இன்னொன்று. மூன்றாவது, பலரும் செய்வது: ஒரே ஒரு பங்கு அளவில் தொடங்கி, தப்பு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது. நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற இரண்டையும் தூக்கி எறியவில்லை, ஆனால் அவற்றை மட்டும் நம்பி இனி லைவ் போகமாட்டேன்.

சின்ன அளவு பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. கணக்குக்கு அனுமதி இருக்கிறதா, உண்மையான கட்டணம் எவ்வளவு, நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் நிஜமாக ஒரு ஆர்டர் போட்டால்தான் தெரியும். அதற்கு ஒரு பங்கு போதும். ஆனால் அது ஒரு ஆர்டரின் அளவைத்தான் கட்டுப்படுத்துகிறது, எத்தனை ஆர்டர் போகும் என்பதை இல்லை. நிரல் சுழலில் மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு பங்காக ஆயிரம் முறை வாங்கிவிடும்.

இது கற்பனை இல்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தவை 212 சின்ன ஆர்டர்கள். அவற்றை நிறைவேற்றப் போன பழைய நிரல் பகுதிக்கு 'போதும், முடிந்தது' என்று சொல்லும் எண்ணிக்கை வேலை செய்யவில்லை. சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சம் பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம்: ஸ்கிரிப்டா, பட்டியலா?

ஸ்கிரிப்டின் பலம் வெளிப்படை. அது சோம்பேறித்தனம் பண்ணாது, தினமும் ஓடும். இணைப்பு இருக்கிறதா, கணக்கில் பணம் இருக்கிறதா, நிரல் நினைக்கும் இருப்பும் புரோக்கர் சொல்லும் இருப்பும் ஒன்றா என்று நொடியில் சொல்லிவிடும். எனக்கும் முதலில் இதுவே போதும் என்றுதான் தோன்றியது. பத்துப் பன்னிரண்டு சோதனைகள் எழுதினேன், எல்லாமே பச்சை. அதில் ஒரு வரி இது:

```python
assert flatten_at < market_close   # 15:45 < 16:00
```

நான் வர்த்தகம் செய்யும் அமெரிக்கச் சந்தை 16:00 மணிக்கு மூடும், என் நிரல் 15:45-க்கு எல்லாவற்றையும் விற்று வெளியே வந்துவிட வேண்டும். சோதனை சரி என்றது. சரிதான், 15:45 என்பது 16:00-ஐ விடச் சின்னதுதான்!

அப்புறம் பட்டியலை எடுத்து உட்கார்ந்தேன். அதில் இதே விஷயம் வேறு மாதிரி எழுதியிருந்தது: 'பொசிஷனை மூடும் வேலை இன்று சந்தைக் கடிகாரப்படி எத்தனை மணிக்கு ஓடும்? நேரத்தை எழுது.' டிக் போட இடமில்லை, ஒரு எண்ணை எழுதியாக வேண்டும். எழுத வேண்டுமென்றால் எங்காவது பார்க்க வேண்டும். லைவுக்காக வாடகைக்கு எடுத்த சர்வரில் `timedatectl` என்று அடித்தேன். திரையில் வந்தது:

```
Time zone: Etc/UTC (UTC, +0000)
```

பேப்பர் சோதனை முழுக்க என் மடிக்கணினியில் ஓடியது, அதன் கடிகாரத்தைச் சந்தை நேரத்துக்கே வைத்திருந்தேன். புது சர்வரின் கடிகாரம் சந்தை நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது சர்வரில் 15:45 ஆகும்போது சந்தையில் 11:45. என் நிரல் வாங்குவதற்குக் கடிகாரத்தைப் பார்க்காது, விலை வந்தால் வாங்கும். விற்று மூடுவது மட்டும் கடிகாரப்படி. ஆக நடந்திருக்கக்கூடியது இதுதான்: 11:45-க்கு மூடும் வேலை ஓடி முடிந்திருக்கும். மதியம் 13:10-க்கு நிரல் மறுபடி வாங்கியிருக்கும். அதை மூட அன்றைக்கு யாரும் இல்லை. இரவு முழுக்கப் பொசிஷன் திறந்தே கிடக்கும், நான் 'எல்லாம் பச்சை' என்று தூங்கியிருப்பேன்.

என்னைப் பொறுத்தவரை பட்டியலை ஜெயிக்க வைத்தது இந்த இடம்தான். ஸ்கிரிப்ட் இரண்டு எண்களையும் என் அமைப்புக் கோப்பிலிருந்தே எடுத்தது. நிரல் எந்த அனுமானத்தில் எழுதப்பட்டதோ, அதே அனுமானத்தில்தான் சோதனையும் எழுதப்பட்டிருந்தது. எழுதியவன் ஒருவனே அல்லவா? 'ஸ்கிரிப்டிலேயே நேர மண்டலத்தைச் சோதித்திருக்கலாமே' என்று கேட்கலாம். இப்போது சோதிக்கிறேன், `ZoneInfo` வைத்து நேரத்தைச் சந்தை மண்டலத்திலேயே கணக்கிடுகிறேன். ஆனால் அந்த வரியை எழுதத் தோன்றியது ஓட்டையைப் பார்த்த பிறகுதான்.

இதனால் என் பட்டியலில் 'சரிபார்த்தாயா?' என்று கேட்கும் வரி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் ஒரு எண்ணையோ நேரத்தையோ கேட்கும், அதுவும் நிரலுக்கு வெளியே, புரோக்கர் திரையிலோ சர்வரிலோ பார்த்து எழுத வேண்டியதாக இருக்கும். 'ஆர்டர் வரம்பு வேலை செய்கிறதா' என்பதற்குப் பதில்: 'வரம்பை 2 என்று வைத்து மூன்றாவது ஆர்டரை அனுப்பு. மறுப்புச் செய்தியை அப்படியே எழுது.' 'மறுதொடக்கம் சரியா' என்பதற்குப் பதில்: 'பேப்பர் கணக்கில் பொசிஷன் இருக்கும்போது `kill -9` கொடுத்து நிரலைக் கொன்று, மறுபடி எழுப்பு. புரோக்கர் காட்டும் இருப்பு __, நிரல் காட்டும் இருப்பு __.' எழுந்ததும் நிரல் புரோக்கரிடம் கேட்காமல் 'என்னிடம் ஒன்றும் இல்லை' என்று நினைத்துக்கொண்டால், இருப்பதற்கு மேல் இன்னொரு முறை வாங்கும். இரண்டு கோடிட்ட இடங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

அவசரத்தில் நிறுத்தும் முறைக்குத்தான் பட்டியலில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நிரலை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். நிற்காது. ஏற்கெனவே அனுப்பிய ஆர்டர்கள் புரோக்கரிடம் உயிரோடு இருக்கும். கையில் 100 பங்கு, விலை இறங்கினால் தானாக விற்க 100 பங்குக்கு ஸ்டாப்-லாஸ் ஆர்டர் காத்திருக்கிறது என்று வையுங்கள். பதற்றத்தில் நிரலை நிறுத்திவிட்டு 100 பங்கையும் கையால் விற்கிறீர்கள். காத்திருக்கும் ஸ்டாப் அங்கேயே இருக்கிறது. விலை இறங்கியதும் அது இன்னொரு 100 விற்கும். பங்கைக் கடன் வாங்கி விற்க அனுமதி உள்ள கணக்கென்றால், வெளியே வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது 100 பங்கைத் திருப்பி வாங்கித் தர வேண்டிய ஷார்ட்டில் நிற்பீர்கள். அதனால் வரிசை இப்படி: நிரலை நிறுத்து, காத்திருக்கும் ஆர்டர்களை ரத்து செய், ரத்தானதைத் திரையில் பார், பிறகு விற்று மூடு. சர்வரைத் தொடாமல் கைப்பேசியிலிருந்தே இதைச் செய்து பார்த்து, எத்தனை நொடி ஆனது என்று எழுத வேண்டும். முதல் முறை எனக்கு 140 நொடி ஆனது, அதில் பாதி கடவுச்சொல்லைத் தேடியது!

நைட் கதையில் இதற்கும் ஒரு பாடம் கிடக்கிறது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புது நிரல் ஏறவில்லை. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறை எதுவும் அங்கே இருக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் 2013 ஆணை சொல்கிறது. சந்தை திறக்கும் முன்பே பிழையைக் குறிப்பிடும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன, யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரச்சினை வெடித்ததும் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புது நிரலை எடுத்தார்கள், அதனால் நிலைமை இன்னும் மோசமானது. பின்வாங்கும் முறையை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்லும் வரி என் பட்டியலில் இருப்பதற்கு இதுதான் காரணம்: எந்தப் பதிப்புக்குத் திரும்புவது, திரும்பும் முன் எந்த ஆர்டர்களை ரத்து செய்வது.

பட்டியலின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். அது தானாக ஓடாது. நிரலை மாற்றிய பிறகு மறுபடி நிரப்பாவிட்டால் பழைய தாள் பொய்யான தைரியத்தைத் தரும். அதனால் தாளின் தலைப்பில் நிரலின் கமிட் எண்ணையும் சர்வர் பெயரையும் எழுதுகிறேன். `git rev-parse --short HEAD` காட்டுவது தாளில் உள்ளதோடு பொருந்தவில்லை என்றால் அந்தத் தாள் செல்லாது. சர்வர், புரோக்கர் இணைப்பு, பங்கு, நிரல் இவற்றில் எது மாறினாலும் புதுத் தாள். முழுசாக நிரப்ப எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அதனால் தினமும் செய்ய முடியாது. தினசரி வேலையை ஸ்கிரிப்டே பார்த்துக்கொள்கிறது, அதில் அது என்னைவிடக் கெட்டிக்காரன்.

இதெல்லாம் நாளைக்கு நாலைந்து ஆர்டர் போடும் ஒற்றை நிரலுக்கான அனுபவம். நொடிக்கு நூறு ஆர்டர் போகும் இடத்திலோ, வாரத்துக்கு மூன்று முறை நிரலை மாற்றுபவருக்கோ ஒன்றரை மணி நேரத் தாள் கட்டுப்படியாகுமா என்பது சந்தேகமே. அங்கே பெரும்பகுதி ஸ்கிரிப்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். இரண்டாவது ஆள் கையெழுத்துக்கு ஒரு இடமும் தாளில் விட்டிருக்கிறேன். தனியாள் என்பதால் இரவில் நிரப்பிவிட்டு மறுநாள் காலை சந்தை திறக்கும் முன் நானே வேறு நிற மையில் படிக்கிறேன். உண்மையான இன்னொரு ஆளுக்கு இது ஈடாகாது. இருந்தாலும் போன முறை, நிரப்பாமல் விட்ட ஒரு வரி காலையில்தான் கண்ணில் பட்டது, லைவை ஒரு நாள் தள்ளிவைத்தேன்.