திறன்பேசி விதிமுறைச் சுற்றறிக்கை: மூன்று வரைவுகள், ஓர் ஒப்பீடு

சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியையும் திறன்கடிகாரத்தையும் பயன்படுத்தக் கூடாது என்ற கல்வி அமைச்சின் வழிகாட்டுதல் 2026 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. பாட நேரத்துக்கு மட்டும் இருந்த கட்டுப்பாடு இடைவேளைக்கும், இணைப்பாட நடவடிக்கைக்கும், துணைப்பாட வகுப்புக்கும் நீண்டிருக்கிறது. இதைத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரிவிக்கும் சுற்றறிக்கையை எங்கள் பள்ளிக்காக நான் மூன்று முறை எழுத வேண்டியிருந்தது.

முதல் வரைவு வழக்கமான அலுவலக நடையில் அமைந்தது.

"பள்ளி வளாகத்தில் மாணவர்கள் திறன்பேசி பயன்படுத்துவது முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. மீறுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். பெற்றோர் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மூன்று வாக்கியங்களிலும் செய்பவர் யார் என்பதே இல்லை. தடை செய்தது யார், நடவடிக்கை எடுப்பது யார், கேட்டுக்கொள்வது யார் என்பதைச் செயப்பாட்டு வினை மறைத்துவிடுகிறது. இது அதிகாரமாக ஒலிக்கும் என்று நாம் நினைக்கிறோம்; படிப்பவர் காதில் அது முகமில்லாத மிரட்டலாகவே விழுகிறது. "கடும்" என்ற சொல்லுக்கு அளவு சொல்லாததால், இடைநீக்கம் வரை பெற்றோரின் கற்பனை ஓடும். இதில் பொருட்பிழையும் உண்டு: விதி நேரத்தைப் பற்றியது, வரைவோ இடத்தைச் சொல்கிறது.

இரண்டாம் வரைவில் கனிவைக் கூட்டினேன்.

"பிள்ளைகளின் நலன் கருதி, பள்ளி நேரத்தில் முடிந்தவரை திறன்பேசியைத் தவிர்க்க நாம் அனைவரும் இணைந்து முயல்வோம். உங்கள் மேலான புரிந்துணர்வை நாடுகிறோம்."

பேரனை அழைத்துச் செல்ல வந்திருந்த ஒரு பாட்டியிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெதுவாகப் படித்துவிட்டு, "அப்போ இடைவேளையில ஒரு போன் போடலாம்தானே, டீச்சர்?" என்று கேட்டார். அவர் படித்ததில் தவறில்லை. "முடிந்தவரை" என்ற ஒரே சொல் விதியை விருப்பமாக மாற்றிவிட்டது. கனிவு தேவைதான், ஆனால் அதை விதியைச் சொல்லும் வாக்கியத்துக்குள் கலந்தால் விதி கரைந்துவிடும் என்பதை அன்று கண்டேன்.

மூன்றாம் வரைவு இவ்வாறு அமைந்தது.

"அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம். கல்வி அமைச்சின் வழிகாட்டுதலின்படி, 2026 ஜனவரி முதல் உங்கள் பிள்ளை பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியையும் திறன்கடிகாரத்தையும் பயன்படுத்த அனுமதி இல்லை. இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு ஆகியவையும் இதில் அடங்கும். அவசரத் தேவை எழுந்தால் பள்ளி அலுவலகத்தை அழையுங்கள். செய்தியை நாங்கள் உடனே பிள்ளையிடம் சேர்ப்போம். பிள்ளை உங்களிடம் பேச வேண்டியிருந்தால், அலுவலகத் தொலைபேசியிலிருந்து பேசலாம்."

இங்கே விதி முதல் வரைவைவிடத் திட்டவட்டமாக இருக்கிறது: தொடங்கும் மாதம், பொருந்தும் நேரம், "அனுமதி இல்லை" என்ற வளையாத வினைமுடிவு ஆகிய மூன்றும் இருக்கின்றன. அன்போ வேறு இடத்தில் இருக்கிறது. "மாணவர்கள்" என்பது "உங்கள் பிள்ளை" ஆனது. பெற்றோர் மனத்தில் முதலில் எழும் கேள்விக்கு, அதாவது அவசரத்தில் பிள்ளையை எப்படி எட்டுவது என்பதற்கு, அவர்கள் கேட்கும் முன்பே விடை வந்துவிட்டது. அந்த விடை இல்லாமல் எத்தனை "தயவுசெய்து" சேர்த்தாலும் சுற்றறிக்கை பரிவாக ஒலிக்காது.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகப் பயன்பட்டது நாம், நாங்கள் என்ற வேறுபாடு. இரண்டாம் வரைவின் "நாம்" பெற்றோரையும் பொறுப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் பள்ளி நேரத்தில் விதியைச் செயல்படுத்துவது பள்ளி மட்டுமே. பள்ளி செய்வதை "நாங்கள்" என்றே சொல்ல வேண்டும். அப்போதுதான் பொறுப்பும் அதிகாரமும் ஒருசேரத் தெரியும். வீட்டில் இரவு நேரத் திறன்பேசிப் பழக்கம் பற்றிய பத்தியில் மட்டும், இரு தரப்பும் உண்மையாகவே பங்கேற்பதால், "நாம்" என்பதை வைத்துக்கொண்டேன்.

மீறல் பற்றிய வாக்கியம்தான் கடைசிவரை இழுத்தது. "கடும் நடவடிக்கை" என்பதை நீக்கினால் விதி வலுவிழக்கும் என்று சக ஆசிரியர் ஒருவர் அஞ்சினார். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே விளைவை நீக்காமல், எங்கள் பள்ளியின் நடைமுறையை அப்படியே எழுதினோம்: "முதல் முறை, நாங்கள் கருவியை வாங்கி வைத்து, பள்ளி முடிந்ததும் பிள்ளையிடமே திருப்பித் தருவோம். மீண்டும் நடந்தால், நீங்கள் அலுவலகத்துக்கு வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்." சக ஆசிரியர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "கடும்" இருந்த வரியைத் தம் கையாலேயே அடித்துவிட்டார்.