5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடுற ரவுட்டர், அத பாக்கவே முடியாத பிரிண்டர்: எந்த வழி தேறும்?

போன மாசம் அண்ணன் வீட்டுல நடந்த கூத்து இது. ஃபோன், லேப்டாப், டிவி எல்லாத்துலயும் வைஃபை பிச்சுக்கிட்டு ஓடுது, பிரிண்டர்ல மட்டும் வீட்டு நெட்வொர்க் பேரே லிஸ்ட்ல வரல. அண்ணன் ரெண்டு தடவ பிரிண்டர ரீசெட் பண்ணி, வைஃபை பாஸ்வேர்ட மாத்தி, ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, கடைசில பிரிண்டர்ல வைஃபை போயிடுச்சுன்னு முடிவே கட்டிட்டாரு. நான் போய் அந்த லிஸ்ட்ட பாத்தா பக்கத்து வீட்டு நெட்வொர்க் நாலு பேரு வரிசையா நிக்குது. வைஃபை போயிருந்தா அது எப்படிண்ணே வரும்னு கேட்டேன், அங்கதான் விஷயமே இருக்கு.

நிறைய பிரிண்டர்ல இருக்குற வைஃபை சிப் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும்தான் கேக்கும். ரவுட்டர் 5ல கத்துனா அதுக்கு காதுலயே விழாது, சிக்னல் வீக்குங்குறது கிடையாது, பிரிண்டர ரவுட்டர் மேலயே தூக்கி வச்சாலும் வராது. அப்டேட் போட்டா சரியாயிடும்னும் நெனைக்காதீங்க, உள்ள இருக்குற ரேடியோவே அந்த அலைவரிசைக்கு செஞ்சது இல்ல. பிரிண்டரோட ஸ்பெக்ல 802.11 b/g/n னு மட்டும் போட்டிருந்தா பெரும்பாலும் 2.4 தான், கூட a இல்ல ac னு இருந்தா, இல்லன்னா டூயல் பேண்டுன்னு எழுதியிருந்தா 5ம் பேசும்.

சந்தேகமா இருந்தா விண்டோஸ் லேப்டாப்ல இத அடிச்சு பாருங்க:

```
netsh wlan show networks mode=bssid
```

உங்க நெட்வொர்க் பேருக்கு கீழ `Channel` னு ஒரு நம்பர் வரும். 36, 44, 149 மாதிரி மட்டும் வந்து, 1லேர்ந்து 13க்குள்ள ஒண்ணு கூட வரலன்னா 2.4 ஓடலன்னு அர்த்தம். இத விட சுலபமான டெஸ்ட் ஃபோன் ஹாட்ஸ்பாட், அத 2.4ல வச்சு (ஐஃபோன்ல `Maximize Compatibility` ஆன் பண்ணா போதும்) பிரிண்டர்ல தேடுங்க, ஹாட்ஸ்பாட் பேரு வந்துட்டா பிரிண்டர் மேல குத்தமே இல்ல. ஒண்ணு கவனிங்க, நெட்வொர்க் பேரு லிஸ்ட்ல வந்து ஆனா கனெக்ட் ஆகலன்னா அது வேற நோய், பாஸ்வேர்ட் தப்பா இருக்கலாம், இல்ல ரவுட்டர்ல WPA3ங்குற புது செக்யூரிட்டி மட்டும் வச்சிருக்கலாம்.

சரி, இப்ப என்னென்ன வழி இருக்கு, எது எதுக்கு ஒத்து வரும்னு பாப்போம்.

என் ஓட்டு ரவுட்டர்ல 2.4அ திரும்ப ஆன் பண்றதுக்குத்தான். அண்ணன் வீட்டுல நடந்ததும் அதான், ஃபோனெல்லாம் ஸ்லோவான 2.4ல போய் ஒட்டிக்குதேன்னு அவரே ஒரு நாள் அத ஆஃப் பண்ணிட்டு மறந்துட்டாரு. திரும்ப ஆன் பண்ணா 5 ஸ்லோவாயிடுமோன்னு ஒரு பயம் அவருக்கு. ஆகாது, டூயல் பேண்ட் ரவுட்டர்ல ரெண்டும் தனித்தனி ரேடியோ. ஆனா ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா ஃபோன் மறுபடியும் 2.4க்கு எறங்கலாம், அதனால 2.4க்கு மட்டும் வேற பேரு குடுத்து அத பிரிண்டருக்குன்னு விட்டுட்டோம். செக்யூரிட்டி WPA2, சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11 இதுல எது கூட்டம் கம்மியோ அது, அவ்ளோதான் செட்டிங்ஸ். லேப்டாப் 5ல இருக்கு, பிரிண்டர் 2.4ல இருக்கு, எப்படி பேசிக்கும்னு அண்ணி கேட்டாங்க. ரவுட்டருக்கு ரெண்டும் ஒரே வீடு ரெண்டு வாசல் மாதிரி, எந்த வாசல்ல வந்தாலும் ஒரே நெட்வொர்க்குலதான் ஐபி கெடைக்கும். ஸ்பீடும் கவலையில்ல, 10 எம்பி ஃபைல் போக சாதாரணமா சில செகண்ட்தான், பேப்பர் இழுக்குறதுக்கு அத விட நேரமாகும்.

இதுல ஒரு குழி இருக்கு. சிலர் மெயின் நெட்வொர்க்க தொடாம கெஸ்ட் நெட்வொர்க்க 2.4ல போட்டு பிரிண்டர அதுல விடுவாங்க. பிரிண்டர் சந்தோஷமா கனெக்ட் ஆகும், ஆனா லேப்டாப்ல தேடுனா காணோம், ஏன்னா கெஸ்ட்ல இருக்குறவங்க மெயின்ல இருக்குறவங்கள பாக்கக் கூடாதுன்னுதான் அதையே வச்சிருக்காங்க. மெயின் நெட்வொர்க்கா இருந்தும் இதே மாதிரி காணாம போனா, ஒரு சாதனம் இன்னொண்ண பாக்க விடாம தடுக்குற `AP Isolation` ஆன்ல இருக்கான்னு பாருங்க.

கேபிள் வழி ரொம்ப பேரு யோசிக்கவே மாட்டாங்க. பிரிண்டர் பின்னாடி லேன் போர்ட் இருந்து, ரவுட்டரும் பக்கத்துல இருந்தா, ஒரு கேபிள் சொருகுனா வைஃபை பிரச்சனையே கிடையாது, உண்மைய சொன்னா முதல் வழிய விட இது இன்னும் உறுதியானது. என்ன, விலை கம்மியான மாடல் பலதுல லேன் போர்ட்டே இருக்காது. யூஎஸ்பி போர்ட் அனேகமா எல்லாத்துலயும் இருக்கும், ஆனா கேபிள் சொருகுன அந்த ஒரு கம்ப்யூட்டர் ஆன்ல இருந்தாத்தான் மத்தவங்களுக்கு பிரிண்ட், ஃபோன்லேர்ந்து நேரா குடுக்குறது மறந்துடலாம்.

வைஃபை டைரக்ட்னு ஒண்ணு இருக்கு, பிரிண்டரே `DIRECT-` னு ஆரம்பிக்கிற பேர்ல சொந்தமா ஒரு நெட்வொர்க் விடும். அவசரத்துக்கு ஒரு பக்கம் எடுக்க ஓகே. தெனமும் பண்ணா கடுப்பாகும், ஒவ்வொரு தடவையும் வீட்டு வைஃபைய விட்டு அதுல ஏறணும், லேப்டாப்ல அப்ப நெட் போயிடும், பிரிண்ட் குடுத்துட்டு திரும்ப மாத்த மறந்துட்டு நெட் வரலையேன்னு தனியா ஒரு கத ஓடும்.

ரவுட்டர்ல 2.4 ஆன் பண்ற ஆப்ஷனே பூட்டி வச்சிருந்தா, பரண்ல கெடக்குற பழைய ரவுட்டர எறக்குங்க. இங்கதான் பாதி பேரு சறுக்குறாங்க. புது ரவுட்டர்லேர்ந்து வர்ற கேபிள பழசோட WAN போர்ட்ல சொருகுவாங்க, அப்ப பழசு தனியா ஒரு நெட்வொர்க் கட்டிக்கும், லேப்டாப் 192.168.1ல, பிரிண்டர் 192.168.0ல, ஒண்ணு இன்னொண்ண தேடுனா கெடைக்காது. பழசுல ஆக்ஸஸ் பாயிண்ட் மோடு இருந்தா அத போட்டா முடிஞ்சுது. இல்லன்னா புதுசோட ஐபி 192.168.1.1னா பழசுக்கு 192.168.1.2னு குடுங்க (புதுசு மத்தவங்களுக்கு பிரிச்சு குடுக்குற ரேஞ்சுக்குள்ள அந்த நம்பர் வரக்கூடாது), ஐபி பிரிச்சு குடுக்குற வேலையான டிஹெச்சிபிய பழசுல ஆஃப் பண்ணுங்க, அப்புறமா கேபிள அதோட லேன் போர்ட்ல சொருகுங்க. பிரிண்டர் கனெக்ட் ஆனதும் அதோட நெட்வொர்க் பேஜ பிரிண்ட் எடுத்து ஐபி பாருங்க, லேப்டாப்போட மொத மூணு நம்பரும் ஒத்துப்போனா சரியா போட்டிருக்கீங்க.

கடைசி வழி புது டூயல் பேண்ட் பிரிண்டர். இந்த ஒரு காரணத்துக்காக நல்லா ஓடுற பிரிண்டர தூக்கிப் போட நான் சொல்ல மாட்டேன், பழசு எப்படியும் சாகப் போகுதுன்னா சரி. அப்படி வாங்கியும் நெட்வொர்க் தெரியலன்னா ரவுட்டர் எந்த சேனல்ல நிக்குதுன்னு பாருங்க. 52லேர்ந்து 144 வரைக்கும் இருக்குறது ரேடாரோட பங்கு போடுற சேனல், சில சாதனங்க அந்தப் பக்கம் தேடவே தேடாது, 36க்கு மாத்தி வச்சுட்டு மறுபடி தேடிப் பாருங்க.