ஒரே எக்ஸ்ரே, மூன்று வழிகள்: மூட்டுத் தேய்மானத்துக்குப் பயிற்சியா, ஊசியா, மாற்று மூட்டா?

"உள்பக்க மூட்டு இடைவெளி குறைந்துள்ளது, எலும்பு முள் வளர்ச்சி காணப்படுகிறது." எக்ஸ்ரே அறிக்கையில் இந்த வரியைப் படித்த பிறகு ஒருவர் மூன்று மருத்துவர்களைப் பார்த்தால் மூன்று பதில்கள் கிடைப்பதுண்டு. ஒருவர் பயிற்சி செய்யச் சொல்வார், ஒருவர் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வார், மற்றொருவர் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கச் சொல்வார். முழங்கால் நோயாளிகளோடு தினமும் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் இந்த மூன்றையும் ஒரே ஆளின் இரண்டு கால்களை வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிறேன். பொதுவாகப் பேசினால் மூன்றுமே சரி என்றுதான் தோன்றும்.

அந்த அம்மாவுக்கு வயது 61, எடை 70 கிலோ. மதுரையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பூக்கட்டுவது அவர் தொழில். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். முதலில் எடுத்த எக்ஸ்ரே, படுக்கவைத்து எடுத்தது. அதில் இரண்டு மூட்டிலும் இடைவெளி ஓரளவு நன்றாகவே தெரிந்தது. நிற்கவைத்து மறுபடி எடுத்த படத்தில்தான் உண்மை வெளிப்பட்டது: வலது முழங்காலின் உள்பக்க இடைவெளி கிட்டத்தட்ட மூடியே போயிருந்தது. படுத்திருக்கும்போது, உடல் எடை மூட்டின் மேல் இறங்காத நிலையில் இடைவெளி விரிந்து தெரிவது இயல்பு. அறிக்கையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நின்று எடுத்த படமா, படுத்து எடுத்த படமா என்பதைத்தான்.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவே கறுப்பாகத் தெரியும் வெளியில்தான் அது இருக்கிறது, கூடவே மெனிஸ்கஸ் என்ற பிறை வடிவ ஜவ்வும் இருக்கிறது. நல்ல மூட்டில் இந்த வெளி ஏறக்குறைய 4, 5 மில்லிமீட்டர் இருக்கும். அது குறைந்தால் குருத்தெலும்பு மெலிந்திருக்கலாம், அல்லது ஜவ்வு ஓரமாகப் பிதுங்கி வெளியேறியிருக்கலாம். பெரும்பாலும் இரண்டுமே நடந்திருக்கும். எலும்பு முள் என்பது பாரம் மாறிப்போன மூட்டின் விளிம்பில் எலும்பு புதிதாக வளர்ந்த மேடு. அது உள்ளே எதையும் குத்திக் கிழிப்பதில்லை. காலை முழுதாக மடக்கவும் நீட்டவும் விடாமல் தடுப்பதே அதன் முக்கியத் தொல்லை.

1957-ல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்த தரவரிசையில்தான் இன்றும் அறிக்கைகள் எழுதப்படுகின்றன. முள் தெளிவாகத் தெரிந்து, இடைவெளி குறைந்திருக்கக்கூடும் என்ற நிலை இரண்டாம் தரம். இடைவெளி நிச்சயமாகக் குறைந்திருந்தால் மூன்றாம் தரம். இடைவெளி பெரிதும் மறைந்து, முள் பெரிதாகி, எலும்பின் வடிவமே மாறியிருந்தால் நான்காம் தரம். அந்த அம்மாவின் வலது கால் நான்கு, இடது கால் இரண்டு. ஆனால் அவர் அழுதுகொண்டு வந்தது இடது கால் வலியால்.

"தேய்ந்தது வலது கால் என்கிறீர்கள், வலிப்பது இடது கால். படத்தை மாற்றிப் போட்டுவிட்டார்களா?" என்று கேட்டார். மாற்றவில்லை. குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது. அது தேய்வது தானாக வலியைத் தராது. மூட்டின் உள்ளுறை வீங்கும்போதும், குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு அழுத்தம் தாங்காமல் புண்படும்போதும்தான் வலி வருகிறது. இவை இரண்டும் சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. அவரது இடது முழங்காலில் நீர் கோத்திருந்தது. கை வைத்தால் லேசான சூடும் இருந்தது. வளைந்துபோன வலது காலைக் காக்க, பல மாதங்களாகப் பாரத்தை இடது காலில் போட்டே நடந்திருக்கிறார்.

பயிற்சியும் எடைக் குறைப்பும்

இந்த வழி எக்ஸ்ரே படத்தை மாற்றாது. இடைவெளி திரும்ப விரியாது, முள் கரையாது. தொடையின் முன்தசையும் இடுப்பின் பக்கத்தசையும் வலுப்பெற்றால், ஒவ்வோர் அடியிலும் மூட்டில் இறங்கும் அதிர்ச்சியைத் தசை வாங்கிக்கொள்ளும். எடை குறைவதன் பலன் இன்னும் நேரடியானது. ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது முழங்காலில் அடிக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் குறையும். அவரைப் பொறுத்தவரை 7 கிலோ குறைத்தாலே அடிக்கு 28 கிலோ மிச்சம்.

அவருக்கு மூன்று பயிற்சிகளே கொடுத்தேன். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டிவைத்து ஐந்து விநாடி கீழே அழுத்துவது; கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது; ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது. பத்துப் பத்தாக, வாரம் மூன்று நாள். எழ முடியாதபோது நாற்காலியில் கெட்டித் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளச் சொன்னேன். பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை என்றால் அளவு அதிகம் என்று பொருள். பயிற்சியைக் கைவிடாமல் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இந்த வழியின் பலவீனம் தாமதம்தான். ஆறு முதல் எட்டு வாரம் ஆகாமல் பலனைத் தீர்மானிக்க முடியாது. பத்து நாளில் கைவிட்டு, "பிசியோதெரபி எனக்குப் பலிக்கவில்லை" என்பவர்கள் ஏராளம்.

ஸ்டீராய்டு ஊசி

வேகத்தில் ஊசியை எதுவும் மிஞ்ச முடியாது. சில நாட்களில் வீக்கமும் வலியும் தணியும். ஆனால் பலன் சில வாரங்கள்தான், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம். 2020-ல் அமெரிக்காவில் 156 பேரிடம் ஊசியையும் பிசியோதெரபியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் வலியிலும் நடமாட்டத்திலும் பிசியோதெரபி பிரிவினரே மேலாக இருந்தார்கள். 2017-ல் வெளியான இன்னோர் ஆய்வில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு ஆண்டு ஸ்டீராய்டு போட்டார்கள். வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை. குருத்தெலும்புதான் கூடுதலாக மெலிந்தது. ஆகவே வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் ஊசியாக இதை ஆக்குவதை நான் எதிர்க்கிறேன்.

நீர் கோத்து, பயிற்சியே தொடங்க முடியாமல் தவிக்கும் காலுக்கு ஒருமுறை போடுவது வேறு விஷயம். அந்த அம்மாவின் இடது காலுக்கு அதுதான் நடந்தது. மருத்துவர் முதலில் நீரை உறிஞ்சி எடுத்தார். அது தெளிவாக இருந்ததால் ஊசியைப் போட்டார். நீர் கலங்கலாக இருந்தாலோ, மூட்டு சிவந்து காய்ச்சலும் சேர்ந்திருந்தாலோ, கிருமித்தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை ஸ்டீராய்டு கூடாது. சர்க்கரை நோயாளிக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஜெல் ஊசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை அதிகம், பலன் மிகக் குறைவு. இங்கிலாந்தின் அரசு வழிகாட்டி 2022-லும் அதை வேண்டாம் என்றே சொல்கிறது. துளை போட்டு மூட்டைக் கழுவி முள்ளைச் செதுக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஹூஸ்டனில் 180 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், தோலை மட்டும் கீறி மூடிய போலி அறுவையைவிட அது மேலானதல்ல என்று தெரிந்தது.

மாற்று மூட்டு

படத்தையே மாற்றும் வழி இது ஒன்றுதான். தேய்ந்த பரப்பையும் முள்ளையும் வெட்டி எடுத்துவிட்டு, வளைந்த காலை நேராக்கி, உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார்கள். டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு இந்த ஒப்பீட்டுக்கு மிகவும் உதவும். ஓராண்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களே அதிகம் தேறினார்கள். ஆனால் பயிற்சி, உணவு, மருந்து என்று மட்டும் இருந்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள்; அந்த ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனவர்கள் அவர்களில் நால்வரில் ஒருவரே. கடுமையான பின்விளைவுகளோ அறுவைப் பிரிவில்தான் மிகுதி.

அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி கிடைப்பதில்லை. எக்ஸ்ரே தரம் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். இடைவெளி மூடிய நான்காம் தரக் காலில் மாற்று மூட்டு நல்ல பலன் தருகிறது. படத்தில் தேய்மானம் குறைவாக இருந்தும் வலிக்காக மாற்றிக்கொண்டவர்களிடையே அதிருப்தி அதிகம். அதாவது, அறுவை வேண்டும் என்று படம் சொல்லாது. அறுவை வேண்டாம் என்று அது சொல்லும் இடம் உண்டு. அந்த அம்மாவின் இடது கால் அப்படிப்பட்ட ஒன்று. வலியை மட்டும் பார்த்து அந்தக் காலை அறுத்திருந்தால் அநியாயமாகியிருக்கும்.

செலவும் கணக்கில் வரும். கோபால்ட்–குரோமியம் வகை செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு 54,720 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது. வரியும் மருத்துவமனைக் கட்டணமும் தனி. பொருத்திய மூட்டுகளில் பத்தில் எட்டு 25 ஆண்டு தாங்குகின்றன. ஆகவே 61 வயது என்பது அவசரப்படவும் வேண்டாத, பயப்படவும் வேண்டாத வயது.

மாற்று மூட்டு பெரும்பாலும் 110, 120 பாகை வரை மடங்கும். நாற்காலிக்கும் படிக்கட்டுக்கும் அது போதும். சம்மணத்துக்கும் குந்துவதற்கும் போதாது. "ஆபரேஷன் செய்தால் மறுபடி தரையில் உட்கார்ந்து பூக்கட்டலாம்" என்று வீட்டார் அவருக்கு நம்பிக்கை கொடுத்திருந்தார்கள். எந்த வழியில் போனாலும் தரையை விட்டு எழத்தான் வேண்டியிருந்தது. இடுப்பளவு மேசையும் உயரமான முக்காலியும் வாங்கினார்கள். கழிப்பறையில் குந்தும் பீங்கானுக்கு மேல் ஓட்டை நாற்காலி வந்தது. இடது காலின் வீக்கம் மறுபடி வராமல் இருப்பதற்கு, ஊசியளவுக்கு அந்த முக்காலிக்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன். கைத்தடியையும் கையை மாற்றிப் பிடிக்கச் சொன்னோம். வளைந்தது வலது கால் என்பதால் தடி இடது கையில் இருக்க வேண்டும்.

வலது காலுக்கு இப்போதைக்குப் பயிற்சி மட்டும்தான். இரவில் தூக்கம் கெட்டாலோ, பூக்கடைத் தெரு வரை நடக்க முடியாமல் போனாலோ, காலை நீட்ட முடியாத கோணம் கூடிக்கொண்டே வந்தாலோ அறுவைச் சிகிச்சை பற்றி முடிவெடுப்பதாக அவரும் மருத்துவரும் பேசிவைத்திருக்கிறார்கள். அதற்குள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் தொற்று அபாயம் கூடும். அறுவை நெருங்கும் மூன்று மாதங்களில் அந்தக் காலில் ஸ்டீராய்டு ஊசி போடக் கூடாது என்பதும் அதே காரணத்தால்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேட்டார். அறுவை நிச்சயமாகும் வரை தேவையில்லை. வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று வலியோ வீக்கமோ வந்தால் மட்டும் வரச் சொல்லியிருக்கிறோம்.