ஸ்ட்ரிப்பா, சொட்டு கிட்டா: புது மீன் தொட்டியின் சைக்கிளிங்கை எதை வைத்து அளப்பது?

கடையில் கேட்டால் 6-இன்-1 ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். நனைத்து ஒரு நிமிடத்தில் ஆறு அளவு தெரிந்துவிடும். வாங்குமுன் டப்பாவின் பக்கவாட்டைப் படியுங்கள்: நைட்ரேட், நைட்ரைட், பிஎச், கேஎச், ஜிஎச், குளோரின். இந்த ஆறில் அம்மோனியா இல்லை. பெரும்பாலான ஸ்ட்ரிப்களின் கதை இதுதான். அம்மோனியாவுக்குத் தனி ஸ்ட்ரிப் வாங்க வேண்டும். சைக்கிளிங் என்பது தொட்டியில் பாக்டீரியா வளர்ந்து அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்குவது. அதனால் புதுத் தொட்டியில் முதல் இரண்டு வாரம் பார்க்க வேண்டியதோ அம்மோனியாவைத்தான்.

மீன் விடாமல் சைக்கிள் செய்யும் ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 60 லிட்டர் தொட்டியில் மணலும் கல்லும் போக 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், 10 கிராமை 500 மி.லி. தண்ணீரில் கரைத்து பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 16 மி.லி. ஊற்றினால் தொட்டியில் அம்மோனியா சுமார் 2 பிபிஎம் ஆகும். நாட்டு மருந்துக் கடை நவச்சாரம் எவ்வளவு சுத்தம் என்று சொல்ல முடியாது. ஆய்வக ரசாயனம் விற்கும் கடையில் வாங்குவது நல்லது.

இந்த 2 பிபிஎம்மைச் சொட்டு கிட்டில் பார்ப்பது எளிது. பரவலாகக் கிடைக்கும் சாலிசிலேட் வகைக் கிட்டில் 5 மி.லி. தொட்டி நீர், இரண்டு பாட்டிலிலிருந்தும் எட்டெட்டு சொட்டு, ஐந்து நிமிடக் காத்திருப்பு. (சொட்டுக் கணக்கு கிட்டுக்குக் கிட்டு மாறும், உள்ளே இருக்கும் தாளைப் பாருங்கள்.) மஞ்சள் என்றால் பூஜ்யம், பச்சை கூடக் கூட அம்மோனியாவும் கூடுதல். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறிவிடும், நேராகக் கவிழ்த்துத்தான் விட வேண்டும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளை அட்டைமேல் வைத்துப் பாருங்கள்.

இந்தக் கிட்டில் எல்லோரையும் குழப்புவது 0-க்கும் 0.25-க்கும் நடுவில் வரும் அந்த இளம்பச்சை. அதற்கு ஒரு வழி உண்டு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இதே சோதனையைச் செய்து, இரண்டு குழாயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் ஒன்றுபோல் இருந்தால் உங்கள் தொட்டியிலும் பூஜ்யம்தான். ஸ்ட்ரிப்பில் இந்த ஒப்பீட்டுக்கு இடமே இல்லை. ஈரக்கையால் ஒருமுறை டப்பாவைத் திறந்தாலே, அதிலும் கடலோர ஊர்களில், மீதி ஸ்ட்ரிப்களின் பட்டைகள் நிறம் மாறத் தொடங்கிவிடும்.

அடுத்தது நைட்ரைட். இது இரண்டு வகைக் கிட்டிலும் உண்டு, ஆனால் இரண்டுமே ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். 1 பிபிஎம் அம்மோனியா 2.7 பிபிஎம் நைட்ரைட்டாக மாறும். 2 பிபிஎம் வீதம் இரண்டு தடவை ஊற்றியிருந்தால் நைட்ரைட் 10-ஐத் தாண்டும். பல கிட்டுகளின் அட்டை 5-இலேயே முடிந்துவிடுகிறது. மூன்றாம் வாரத்தில் தினமும் அதே கருஊதா; குறைகிறதா, ஏறுகிறதா என்று தெரியாமல் பலர் கைவிடுவது இங்கேதான். சொட்டு கிட்டில் 1 மி.லி. தொட்டி நீரோடு 4 மி.லி. டிஸ்டில்டு வாட்டர் கலந்து சோதித்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். இப்போது 12-இலிருந்து 8-க்கு இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஸ்ட்ரிப்பையும் இப்படிக் கலந்த நீரில் நனைக்கலாம்தான்; ஆனால் அதன் கட்டங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை ஐந்தால் பெருக்கினால் மிஞ்சுவது ஊகம்தான். இந்தக் கட்டத்தில் நைட்ரேட் அளவை எந்தக் கிட்டிலும் நம்ப வேண்டாம். அந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கிறது. ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஸ்ட்ரிப் ஜெயிக்கும் ஓர் இடமும் உண்டு: கேஎச், அதாவது பிஎச் சரியாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டின் அளவு. பாக்டீரியா அம்மோனியாவை உடைக்கும்போது கேஎச்சைத் தின்கிறது. 2 பிபிஎம் வீதம் மூன்று தடவை ஊற்றினால் ஏறத்தாழ 2 டிகிரி கேஎச் காலி. கேஎச் மிகுந்த போர்வெல் நீரில் இது தெரியவே தெரியாது. ஆர்ஓ நீரோ மழைநீரோ நிரப்பிய தொட்டியில் கேஎச் தீர்ந்து, பிஎச் 6.5-க்குக் கீழே சரிந்து, அம்மோனியா நாள்கணக்கில் அசையாமல் நிற்கும். வாரம் ஒரு ஸ்ட்ரிப் நனைத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, அதாவது சுமார் 5 கிராம், கரைத்து ஊற்றினால் 3 டிகிரிக்குச் சற்று மேல் ஏறும்.

ஆக, காசு ஒரு வகைக்குத்தான் என்றால் அம்மோனியா, நைட்ரைட் சொட்டு கிட் இரண்டையும் வாங்குங்கள். மென்னீர் ஊற்றுபவர் மட்டும் ஒரு ஸ்ட்ரிப் டப்பா சேர்த்துக்கொள்ளட்டும். அம்மோனியாச் சொட்டு மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகாமல் பழுப்புக்குப் போனால் அது நெஸ்லர் வகை. அதில் பாதரசம் இருக்கிறது, சோதித்த நீரைச் சிங்க்கில் கொட்டக் கூடாது. குளோரின் நீக்கி ஊற்றிய தொட்டியில் பொய்யாகவும் காட்டும்.

மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் ஒரு மாலை 16 மி.லி. ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் இரண்டையும் சோதியுங்கள். அம்மோனியா மஞ்சள், நைட்ரைட் வெளிர்நீலம், இரண்டும் டிஸ்டில்டு வாட்டர் குழாயோடு ஒத்துப்போனால், பெரும்பகுதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம். நைட்ரைட்டில் மட்டும் ஊதாச் சாயல் தெரிந்தால் இன்னும் நான்கைந்து நாள் பொறுங்கள்.